ஆஸ்பத்திரி மதிப்பீட்டுத் தாளை வரிவரியாகப் படிப்பது: மெடிக்கல் கார்டு எதைக் கட்டும், எதைக் கட்டாது?

ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் பிரிவில் 19 ஆண்டுகள் இருந்தேன். வேலையை விட்ட பிறகும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அண்மையில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. 58 வயது அம்மாவுக்குப் பித்தப்பையில் கல், சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சை. அவள் கேட்டவற்றையும், அவளுக்கு முன்னால் வந்தவர்கள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணக்கு எளிதாகப் புரியட்டும் என்று எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். உங்கள் மருத்துவமனையில் விலை வேறாக இருக்கும். கணக்குப் போடும் வழி மாறாது.

“அக்கா, 16,600 வெள்ளின்னு பேப்பர் கொடுத்தாங்க. இதுக்கு மேல வராதுதானே?”

வரலாம். அந்தத் தாள் விலைச்சீட்டு இல்லை, மதிப்பீடு. எல்லாம் நினைத்தபடி நடந்தால் மூன்று இரவில் வீட்டுக்குப் போகும் ஒரு நோயாளிக்கு என்ன ஆகும் என்பதுதான் அதில் இருக்கிறது. அந்தப் பெண் கொண்டுவந்த தாள் இப்படி இருந்தது:

தனி அறை, 3 இரவு: 1,050
அறுவை மருத்துவர் கட்டணம்: 3,000
மயக்க மருத்துவர் கட்டணம்: 1,100
வார்டில் மருத்துவர் வந்து பார்ப்பது: 450
ஆபரேஷன் தியேட்டர்: 2,400
தியேட்டர் கருவிகள்: 1,800
கன்சூமபிள்ஸ்: 3,100
மயக்க மருந்தும் வாயுவும்: 700
வார்டு மருந்துகள்: 900
ரத்தச் சோதனை, எடுத்த பித்தப்பையின் திசுச் சோதனை: 850
ஸ்கேன், எக்ஸ்ரே, இ.சி.ஜி.: 500
தாதியர் சேவை: 600
இதர செலவு: 150

கூட்டினால் 16,600. தாளின் அடியில் சின்ன எழுத்தில் ‘16,600 முதல் 19,000 வரை’ என்று இருந்தது. மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டாள். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது பெரிய எண்ணைத்தான்.

அந்த 19,000-ஐயும் தாண்டும் சந்தர்ப்பங்கள் உண்டு. பித்தப்பையில் அழற்சி அதிகமாகி ஒட்டிக்கொண்டிருந்தால் சிறு துளை வழியாக எடுக்க முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். அப்போது படுக்கை நாட்கள் கூடும். கல் ஒன்று நழுவிப் பித்தக் குழாயில் இறங்கியிருந்தால், வாய் வழியாகக் குழாய் விட்டு அதை எடுக்கும் இ.ஆர்.சி.பி. என்ற தனிச் செயல்முறை வரும். அது இந்தத் தாளில் இல்லவே இல்லை. இதயக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் ஓர் இரவு தீவிரக் கவனிப்புப் பிரிவில் வைக்கலாம். மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், அம்மாவுக்கு இந்த மூன்றில் எது நடக்க வாய்ப்பு இருக்கு? நடந்தா எவ்வளவு கூடும்?” மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டால் பெயர் சொல்லிப் பதில் வரும். ‘எக்ஸ்ட்ரா வருமா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘டிபெண்ட்ஸ்’ என்பதோடு முடிந்துவிடும்.

மதிப்பீடு கேட்பது அவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பது என்று நினைக்காதீர்கள். தனியார் மருத்துவமனைகளுக்கான 2006-ஆம் ஆண்டு விதிகளில், சேர்வதற்கு முன்னால் கட்டண மதிப்பீடு கேட்பதும் பிறகு வரிவரியான பில் கேட்பதும் நோயாளியின் உரிமையாகவே இருக்கின்றன.

“டாக்டர் ஃபீஸ் ரொம்ப அதிகமா இருக்கே, அதைக் குறைக்கச் சொல்லலாமா?”

முதலில் தாளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், வார்டில் வந்து பார்ப்பது மூன்றும் சேர்ந்து 4,550. மீதி 12,050 மருத்துவமனைக்குப் போவது. நம் ஆட்கள் பெரும்பாலும் மருத்துவரைத்தான் குறை சொல்வார்கள். இந்தத் தாளில் அவர்கள் பங்கு கால்வாசியைவிடக் கொஞ்சம்தான் கூட.

மருத்துவர் கட்டணத்துக்குச் சட்டத்தில் உச்ச வரம்பு உண்டு. 2006 விதிகளின் 13-ஆவது அட்டவணை என்று அதற்குப் பெயர், 2013-இல் திருத்தினார்கள். எந்த அறுவை சிகிச்சைக்கு அறுவை மருத்துவர் அதிகபட்சம் எவ்வளவு வாங்கலாம், மயக்க மருத்துவர் எவ்வளவு வாங்கலாம் என்று அதில் இருக்கிறது. தியேட்டர், கருவி, கன்சூமபிள்ஸ், தாதியர் சேவை ஆகியவற்றுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அதனால்தான் ஒரே அறுவை சிகிச்சைக்கு இரண்டு மருத்துவமனைகளில் மருத்துவர் கட்டணம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் மொத்த பில் ஆயிரக்கணக்கில் மாறுகிறது. இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்கி ஒப்பிடுகிறவர்கள் மருத்துவர் வரியை விட்டுவிட்டு மற்ற வரிகளை ஒப்பிடுங்கள்.

மருத்துவர் பக்கம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வார்டுக்கு வந்து பார்ப்பது அந்த 3,000-க்குள் அடங்குமா, இல்லை அந்த 450-இல் தனியாக வருகிறதா?

“கன்சூமபிள்ஸ்னு 3,100 வெள்ளி. அது என்ன சாமான்?”

பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியும் எல்லாம். கையுறை, பஞ்சு, துணி, ஊசி, தையல் நூல், வடிகுழாய். இந்த அறுவை சிகிச்சையில் விலை கூடியவை வேறு சில: வயிற்றுக்குள் கருவியை நுழைக்கும் துளைக் குழாய்கள் மூன்று நான்கு, பித்தப்பையின் குழாயை அடைக்கும் கிளிப்புகள், வெட்டிக்கொண்டே ரத்தத்தை நிறுத்தும் கருவியின் முனை, எடுத்த பித்தப்பையைப் போட்டு வெளியே கொண்டுவரும் சிறு பை. இவற்றில் சிலவற்றுக்குக் கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்தும் வகையும் உண்டு, ஒரே முறை பயன்படுத்தும் வகையும் உண்டு. எது பொருத்தம் என்பதை அறுவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; அதில் நாம் தலையிடக் கூடாது. ஆனால் இந்த வரியை உடைத்துக் காட்டச் சொல்லலாம். “இதில் பெரிய ஐட்டம் எது, ஒவ்வொன்றும் எவ்வளவு” என்று பில் பிரிவில் கேட்டால் அச்சடித்துத் தருவார்கள்.

காப்புறுதி நிறுவனம் பில்லில் கேள்வி எழுப்பும் இடமும் பெரும்பாலும் இதுதான். பாலிசியில் ‘நியாயமான, வழக்கமான கட்டணம்’ என்று ஒரு நிபந்தனை இருக்கும். இதே சிகிச்சைக்கு மற்ற இடங்களில் ஆவதைவிட மிக அதிகம் என்று அவர்கள் கருதினால் அந்த மிகுதியை வெட்டலாம். வெட்டியது உங்கள் தலையில் விழுந்தால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். எந்த வரியில், எவ்வளவு, என்ன காரணம் என்று எழுத்தில் வாங்கி, அதை மருத்துவமனை பில் பிரிவிடம் காட்டுங்கள். இரு தரப்பும் பேசி மருத்துவமனை அந்தத் தொகையைக் குறைத்துக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“அம்மாவுக்குத் தனி ரூம் போடலாம்னு இருக்கோம். ரூம் வித்தியாசத்தை நாங்க கட்டிக்கிறோம். சரிதானே?”

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

அம்மாவின் கார்டு அறைக்கு நாளுக்கு 150 ரிங்கிட் வரைதான் கட்டும். தனி அறை 350. வித்தியாசம் 200, மூன்று இரவுக்கு 600. ‘அறுநூறு வெள்ளிதானே, அம்மா நிம்மதியாகப் படுக்கட்டும்’ என்று பிள்ளைகள் நினைப்பது இயல்பு. ஆனால் நம் நாட்டில் பல மெடிக்கல் கார்டுகளின் பாலிசிப் புத்தகத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: தகுதிக்கு மேற்பட்ட அறையில் தங்கினால், அறை வித்தியாசத்தோடு, மற்ற எல்லாச் செலவிலும் 20 விழுக்காட்டைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும். அறைச் செலவில் 20 விழுக்காடு என்று தவறாகப் படித்துவிடாதீர்கள். மருத்துவர், தியேட்டர், மருந்து, சோதனை எல்லாவற்றிலும் 20 விழுக்காடு.

கணக்கைப் போடுவோம். மொத்தம் 16,600. அதில் அறை 1,050, கார்டு எப்படியும் கட்டாத இதர செலவு 150. இரண்டையும் கழித்தால் 15,400. அதில் 20 விழுக்காடு 3,080. அதோடு அறை வித்தியாசம் 600, இதர செலவு 150. ஆக, கையிலிருந்து 3,830 ரிங்கிட்.

அதே அம்மா, அதே மருத்துவர், அதே தியேட்டர். நாளுக்கு 140 ரிங்கிட் நான்கு படுக்கை அறையில் தங்கியிருந்தால் கையிலிருந்து போவது 150 மட்டும். மூன்று இரவுத் தனிமைக்கு உண்மையான விலை 3,680 ரிங்கிட். இது தெரிந்தும் தனி அறை வேண்டும் என்றால் அது உங்கள் விருப்பம், அதில் தப்பே இல்லை. தெரியாமல் போடுவதுதான் வேதனை.

என் மாமியாருக்கு இதுதான் நடந்தது. அன்று நான் வேலையில் இருந்தேன். என் கொழுந்தனார்தான் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார். சேர்க்கும் முகப்பில் ‘சிங்கிள் ரூம் காலியா இருக்கு, வேணுமா’ என்று கேட்டார்கள், இவர் சரி என்றார். 20 விழுக்காடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பில்லைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார், குரலே வரவில்லை. கையெழுத்திட்ட படிவத்தில் ‘அறை மேம்படுத்தலால் வரும் கூடுதல் செலவு நோயாளியுடையது’ என்ற வரி இருந்தது. அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியவில்லை.

எல்லாக் கார்டிலும் இந்த வாசகம் இல்லை. சிலவற்றில் வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும். பாலிசிப் புத்தகத்தில் ‘அப்கிரேடட் ரூம் அண்ட் போர்டு’ என்ற தலைப்பைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கார்டின் பின்பக்கம் உள்ள எண்ணுக்கு அழைத்து, “அறையை மாற்றினால் மற்ற செலவில் எனக்குப் பங்கு வருமா?” என்று கேளுங்கள். ஏஜெண்டிடம் கேட்டால் வாட்ஸப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

“எங்க தகுதிக்கு ரூமே காலி இல்லைன்னு சொன்னா என்ன பண்றது?”

சில பாலிசிகளில், தகுதியான அறை காலி இல்லாததால் மேல் அறைக்குப் போக நேர்ந்தால் 20 விழுக்காட்டைப் போட மாட்டார்கள். ஆனால் அதற்கு மருத்துவமனையின் எழுத்து வேண்டும்: எந்தத் தேதியில் எந்த வகை அறை நிரம்பியிருந்தது என்று ஒரு கடிதம். சேர்கிற அன்றே வாங்குங்கள். காலியானதும் கீழ் அறைக்கு மாற்றச் சொல்லி அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவசரமில்லாத சிகிச்சை என்றால், அறை காலியாகும் நாளைக் கேட்டு அந்த நாளில் சேர்வதே நல்லது.

“ஜி.எல். 10,000 வெள்ளிக்குத்தான் வந்திருக்கு. மீதி 6,600-ஐ நாங்க புரட்டணுமா?”

வேண்டாம், பதறாதீர்கள். காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுக்கும் ஜி.எல். என்கிற உத்தரவாதக் கடிதம் இரண்டு முறை வரும். முதலில் வருவது ‘சேர்த்துக்கொள்ளுங்கள், இந்த அளவுக்கு நாங்கள் பொறுப்பு’ என்று சொல்லும் தொடக்கக் கடிதம். அதிலுள்ள தொகை உச்ச வரம்பு இல்லை. சிகிச்சை முடிந்ததும் மருத்துவமனை முழு பில்லையும் மருத்துவரின் அறிக்கையையும் அனுப்பும். அவற்றைப் பார்த்து இறுதிக் கடிதம் வரும். நீங்கள் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை அந்த இரண்டாவது கடிதம்தான் சொல்லும்.

இரண்டு இடத்தில் கவனம் தேவை. தொடக்கக் கடிதம் ஒரு குறிப்பிட்ட நோய்க்கும் சிகிச்சைக்கும் கொடுக்கப்பட்டது. இடையில் இ.ஆர்.சி.பி. போல வேறொன்று வந்தால், முடிந்தவரை அது நடப்பதற்கு முன்பே மருத்துவமனை புதிதாக அனுமதி கேட்க வேண்டும். “ஜி.எல்.-ஐ அப்டேட் பண்ணிட்டீங்களா?” என்று வார்டிலேயே கேளுங்கள். இன்னொன்று முன்பணம். ஜி.எல். இருந்தும் சில மருத்துவமனைகள் முன்பணம் வாங்கும். கார்டு கட்டாததை அதிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

“ஜி.எல். கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. கிளெய்ம் போச்சா அக்கா?”

போகவில்லை. ஜி.எல். மறுப்பும் கிளெய்ம் மறுப்பும் வேறு வேறு. அந்த நேரத்தில் கையில் உள்ள தகவலை வைத்து முடிவு செய்ய முடியவில்லை என்றாலும் ஜி.எல். தர மாட்டார்கள். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம். அசல் ரசீது, வரிவரியான பில், மருத்துவர் நிரப்பிய கிளெய்ம் படிவம், சோதனை முடிவுகள் ஆகியவை வேண்டும்.

ஜி.எல். தடைப்படுவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் ஒரே ஒரு கேள்வியில் இருந்தது: “எப்போதிலிருந்து வலி?” நம் அம்மாக்கள் இதற்கு, “ரொம்ப நாளா இருக்கு டாக்டர், ரெண்டு மூணு வருசமா” என்பார்கள். அது வாயுத் தொல்லையாக இருக்கும், சாப்பிட்டது சேராததாக இருக்கும். பித்தக் கல் வலி ஆறு வாரமாகத்தான் இருந்திருக்கும். மருத்துவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுவார். கார்டு எடுத்து ஒன்றரை ஆண்டுதான் என்றால், நோய் கார்டுக்கு முன்பே இருந்தது என்று காப்புறுதி நிறுவனம் சந்தேகப்படும், கோப்பு விசாரணைக்குப் போகும்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொன்னால் பாலிசியே செல்லாமல் போகலாம். உண்மையைத் துல்லியமாகச் சொல்லுங்கள் என்கிறேன். இந்த வலி, இந்த இடத்தில், முதன்முதலில் எந்த மாதம் வந்தது, எந்தக் கிளினிக்கில் காட்டினோம், என்ன மருந்து கொடுத்தார்கள்? வீட்டிலேயே உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு, மருத்துவர் முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள்.

“கார்டு எடுத்து மூணு மாசம்தான் ஆச்சு. யூஸ் பண்ண முடியுமா?”

பித்தக் கல்லுக்குப் பெரும்பாலும் முடியாது. விபத்தைத் தவிர மற்ற நோய்களுக்குப் பொதுவாக முதல் 30 நாள் காத்திருப்பு. ‘குறிப்பிட்ட நோய்கள்’ என்ற பட்டியலில் உள்ளவற்றுக்கு 120 நாள். ரத்த அழுத்தம், இதய நோய், சர்க்கரை, கட்டிகள், கல், குடலிறக்கம், மூலம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். 120 நாளைக்குள் அறிகுறி தொடங்கிவிட்டால், அறுவை சிகிச்சையை 121-ஆவது நாளுக்குத் தள்ளிவைத்தாலும் பயனில்லை. தொடங்கிய நாளைத்தான் பார்ப்பார்கள்.

“சரி, அந்த ‘இதர செலவு’ 150-ல என்ன இருக்கு? வேற எதெல்லாம் கார்டு கட்டாது?”

சேர்க்கைப் பதிவு, பல் துலக்கியும் செருப்பும் வைத்த பை, மருத்துவ அறிக்கைக்கான கட்டணம் ஆகியவை. துணைக்குத் தங்குபவரின் மடக்குக் கட்டில், அவருடைய சாப்பாடு, தொலைபேசி எல்லாம் இதே கணக்கில் வரும். இவை சின்னத் தொகை, இதற்காகச் சண்டை போட வேண்டாம்.

பெரிய தொகைகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் மருந்துப் பையில் சத்து மாத்திரை, கல்லீரலுக்கு நல்லது என்று ஒரு டப்பா, புரத மாவு என்று இருக்கும். இவற்றைக் கார்டு பொதுவாகக் கட்டாது. “இதில் கார்டு கட்டாதது எது?” என்று மருந்தகத்தில் கேட்டு, வேண்டாதவற்றை அங்கேயே திருப்பிக் கொடுங்கள். 2025 மே 1 முதல் தனியார் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே விலை கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தது, ‘வந்ததே வந்தோம்’ சோதனைகள். அம்மா படுத்திருக்கும்போதே, “முட்டியையும் ஒரு ஸ்கேன் பண்ணிடலாமே, இதயத்தையும் பார்த்துடலாமே” என்று பிள்ளைகள் கேட்பார்கள். சேர்த்த நோயோடு சம்பந்தமில்லாத சோதனையைக் காப்புறுதி நிறுவனம் ஏற்காது. அதேபோல, வெளிநோயாளியாகவே செய்யக்கூடிய சோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்ந்தால் மொத்த பில்லையுமே மறுக்கலாம்.

நோயாளிக்குக் குடியுரிமை இல்லை என்றால் இன்னொரு வரி கூடும். 2025 ஜூலை 1 முதல் தனியார் மருத்துவச் சேவைக்கு அவர்களிடம் 6 விழுக்காடு சேவை வரி வாங்கப்படுகிறது. மலேசியக் குடிமக்களுக்கு அது கிடையாது.

சேர்வதற்கு முன்னால் வெளியே எடுத்த ஸ்கேனுக்கும், வீட்டுக்கு வந்த பிறகு போய்க் காட்டும் செலவுக்கும் ஜி.எல். வராது. ஆனால் பல கார்டுகளில் குறிப்பிட்ட நாட்களுக்குள் செய்ததைக் கட்டிவிட்டுக் கேட்கலாம். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அப்படி 280 ரிங்கிட் ஸ்கேன் ரசீது ஒன்று கைப்பையிலேயே கிடந்தது. யாரும் சொல்லாததால் கேட்காமலே விட்டிருப்பார்கள்.

“புதுக் கார்டுல கோ-பேமண்ட் இருக்குங்கிறாங்க. அது வேறயா?”

அறை மாற்றத்துக்கான 20 விழுக்காடு வேறு, இது வேறு. 2024 செப்டம்பரிலிருந்து பேங்க் நெகாரா விதிப்படி, காப்புறுதி நிறுவனங்கள் கோ-பேமண்ட் உள்ள திட்டத்தையும் விற்பனைக்கு வைக்க வேண்டும். குறைந்தது பில்லில் 5 விழுக்காடு, அல்லது முதல் 500 ரிங்கிட் உங்களுடையது. மாதச் சந்தா அதற்கேற்பக் குறைவு. நான்கு படுக்கை அறையில் தங்கினால் கார்டு ஏற்கும் செலவு 15,400-உடன் அறைக்கு 420, ஆக 15,820. 5 விழுக்காடு என்றால் 791. முதல் 500 என்றால் வெறும் 500. இரண்டிலும் அந்த 150 தனி. அவசரச் சிகிச்சைக்கும், அரசு மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கும், புற்றுநோய் போன்ற கடும் நோயின் தொடர் சிகிச்சைக்கும் இந்தப் பங்கு கேட்கப்படாது. உங்கள் பழைய கார்டைத் திட்டம் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சந்தா குறைகிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்தவர்கள் உண்டு.

“அம்மாவுக்கு என் கம்பெனி கார்டும் இருக்கு. ரெண்டையும் காட்டலாமா?”

காட்டலாம், ஆனால் ஒரே ரிங்கிட்டை இரண்டு முறை வாங்க முடியாது. கம்பெனி கார்டை முதலில் பயன்படுத்தி, அதன் வரம்பு தீர்ந்த பிறகு மீதியைச் சொந்தக் கார்டில் கேளுங்கள். வேலையை விட்டால் கம்பெனி கார்டு போய்விடும், சொந்தக் கார்டின் ஆண்டு வரம்பு அப்படியே இருக்கட்டும். முதல் நிறுவனம் எவ்வளவு கட்டியது என்ற கடிதமும் பில்லின் சான்றிட்ட நகலும் இரண்டாவது நிறுவனத்துக்குத் தேவைப்படும்.

“காலையில டாக்டர் வீட்டுக்குப் போகலாம்னுட்டார். மத்தியானம் மூணு மணியாகியும் விடல. ஏன்?”

மருத்துவர் சொன்ன பிறகுதான் வேலையே தொடங்குகிறது. அவர் சுருக்க அறிக்கை எழுத வேண்டும், வார்டு மருந்துக் கணக்கை மூட வேண்டும், பில் காப்புறுதி நிறுவனத்துக்குப் போய் இறுதி ஜி.எல். வர வேண்டும். அதிகம் தாமதமாவது அறிக்கையில்தான். அதனால் முதல் நாள் மாலையே, “நாளைக்கு டிஸ்சார்ஜ்னா ரிப்போர்ட்டை இன்னிக்கே எழுதிடுவீங்களா டாக்டர்?” என்று கேட்டுவிடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் பில்லை மதிப்பீட்டோடு வைத்துப் பாருங்கள். நான் எப்போதும் முதலில் பார்ப்பது அறை நாட்கள். மூன்று இரவுக்கு நான்கு போட்டிருப்பது உண்டு. பிறகு மருத்துவர் வந்து பார்த்த எண்ணிக்கை. பிறகு வார்டில் பிரிக்காமல் திருப்பிய மருந்து கழிக்கப்பட்டிருக்கிறதா என்பது. அந்தக் குடும்பத்துக்குச் சொட்டு மருந்தாக ஏற்றும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியின் இரண்டு குப்பிகள் அப்படிக் கழிக்கப்படாமல் இருந்தன. கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள். கார்டுதானே கட்டுகிறது, நமக்கென்ன என்று விடாதீர்கள். அந்தத் தொகை அம்மாவின் ஆண்டு வரம்பிலிருந்துதான் போகிறது.

“இவ்வளவு இடைஞ்சல் இருக்குன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா?”

போகலாம். குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் மூன்றாம் வகுப்புப் படுக்கை நாளுக்கு 3 ரிங்கிட். கிளினிக்கின் பரிந்துரைக் கடிதத்தோடு பினாங்கு மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்குப் போனால் நாள் கொடுப்பார்கள். காத்திருக்க வேண்டும், அதுதான் விலை. கல் இருக்கிறது, எப்போதாவது வலிக்கிறது என்றால் காத்திருக்கலாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும். காய்ச்சல், கண் மஞ்சளாவது, விடாத வலி என்றால் காத்திருக்கக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில கார்டுகள் அரசு மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு ஒரு தொகையைக் கையில் தரும். அதையும் பாலிசியில் பாருங்கள்.

“கம்பெனி கட்ட மாட்டேன்னு லெட்டர் போட்டுட்டாங்க. யார்கிட்ட போறது?”

முதலில் அதே நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். மறுப்புக்கு எந்த வாசகத்தைக் காட்டியிருக்கிறார்களோ அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், குடும்பக் கதையெல்லாம் வேண்டாம். ‘முன்பே இருந்த நோய்’ என்று மறுத்திருந்தால், வலி எப்போது தொடங்கியது என்று முதலில் காட்டிய கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். பல கோப்புகள் அந்த ஒரு கடிதத்தால் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அவர்களுடைய இறுதி முடிவும் பாதகமாக இருந்தால், காப்புறுதித் தகராறுகளை விசாரிக்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து இயங்குகிறது, கட்டணம் இல்லை, தக்காஃபுல் பாலிசிகளையும் எடுத்துக்கொள்கிறது. இறுதி முடிவுக் கடிதம் வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். அந்தக் கடிதத்தின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். புகார் மருத்துவமனைக் கட்டணம் பற்றியது என்றால் அது அங்கே எடுபடாது. மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு. கடிதம் எழுதத் தயங்குகிறவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள், தமிழிலேயே பேசலாம். போகும்போது மதிப்பீட்டுத் தாள், இரண்டு ஜி.எல். கடிதங்கள், இறுதி பில், மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.